லாட்ஜில் இரண்டு முறை பணம் எடுக்கவில்லை ஐயா!

கல்யாண சீசன் வந்தால் நாகர்கோவிலில் எங்கள் வங்கிக் கிளைக்கு இந்தப் புகாரும் தவறாமல் வந்துவிடும். "லாட்ஜ்ல ரெண்டு தடவ பைசா எடுத்துட்டானுவ சார்." போன வாரம் வந்தவர் குலசேகரத்துக்காரர். கல்யாணத்துக்கு வந்த உறவினர்களுக்காகக் கன்னியாகுமரியில் ரூம் போட்டிருக்கிறார், தன் டெபிட் கார்டில்.

கணக்கில் இருந்தது 18,000 ரூபாய். ரூம் சாவி கொடுக்கும்போதே லாட்ஜில் 10,000 ரூபாயை எடுக்காமல் பிடித்துவைத்தார்கள்; இதைத்தான் ஹோல்ட் என்கிறோம். காலி செய்யும்போது பில் 6,500. கவுண்டரில் இருந்த பையன் பழைய ஹோல்டை முடிக்காமல், புதிதாகக் கார்டைத் தேய்த்துவிட்டான். மிச்சம் எடுக்க முடிந்தது 1,500 மட்டும். மறுநாள் 3,200 ரூபாய் பைக் தவணை திரும்பிவிட்டது. அபராதம் வேறு.

"பாஸ்புக்குல 11,500 இருக்கே, அப்புறம் எப்படித் தவணை திரும்பும்?" என்று சத்தம் போட்டார். பதில் அவர் கேள்வியிலேயே இருக்கிறது. 18,000-இல் 6,500 போனால் 11,500. இரண்டு முறை எடுத்திருந்தால் பாஸ்புக்கில் அந்த 11,500 எப்படி இருக்கும்? ஹோல்ட் என்பது உங்கள் பணத்தை உங்கள் கணக்கிலேயே பூட்டிவைப்பது. நீங்கள் எடுக்க முடியாது. ஆனால் லாட்ஜுக்கும் அது போய்ச் சேரவில்லை. கைக்கு வராத பணத்தை அவர்கள் எப்படித் திருப்பித் தருவார்கள்? பூட்டைத் திறக்கத்தான் முடியும். அவர்கள் திறக்காவிட்டால், கார்டையும் வங்கியையும் பொறுத்து, தானாகத் திறக்கச் சில நாளோ சில வாரமோ ஆகும். ஆத்திரத்தில் கார்டை முடக்குவதால் ஹோல்ட் போகாது.

முறைப்படி, ஹோல்ட் போட்டபோது வந்த ஒப்புதல் எண்ணை வைத்து அதே பரிவர்த்தனையை 6,500-க்கு முடித்திருக்க வேண்டும். மீதி 3,500 விடுபட்டிருக்கும்.

நம்மூர் பெட்ரோல் பங்கில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை; நிரப்பிய பிறகு சரியான தொகைக்குத்தான் தேய்க்கிறார்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் கவனியுங்கள். அங்கே கார்டைச் செருகிவிட்டு நாமே நிரப்ப வேண்டும். எவ்வளவு நிரப்புவீர்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் சில இடங்களில் 175 டாலர் வரை ஹோல்ட் விழும். நிரப்பியது 40 டாலருக்கு என்றாலும் அது விடுபட நேரமாகலாம். உள்ளே கவுண்டரில் போய்த் தொகையைச் சொல்லிக் கட்டிவிடுங்கள்.

லாட்ஜில் டெபிட் கார்டை நீட்டாதீர்கள், தயவுசெய்து. கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடுங்கள்; லிமிட்தான் கொஞ்ச நாள் குறையும், தவணை திரும்பாது. சீட்டைப் பாருங்கள்: PRE-AUTH என்று இருந்தால் அது ஹோல்ட், SALE என்று இருந்தால் பணமே எடுத்தாயிற்று. காலி செய்யும்போது ரொக்கமாகவோ ஜிபேயிலோ கட்டினால், பழைய ஹோல்டை VOID, அதாவது ரத்து, செய்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். அதிலுள்ள ஒப்புதல் எண்ணைக் குறிப்பிட்டு, ஹோல்டை விடுவிக்கலாம் என்று லாட்ஜ் எழுதிக் கொடுத்தால்தான் எங்களாலும் வேலையைத் தொடங்க முடியும்.