பதினைந்து எழுத்து, இருபது தட்டல்

சென்ற ஏப்ரலில், தமிழ்மொழி விழாவை ஒட்டி, எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாணவர்களுக்கு ஒரு தமிழ்த் தட்டச்சுப் போட்டி வைத்தோம். சொற்பட்டியல் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு சுற்று, இரண்டு பட்டியல். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள், எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள். சமமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் சுற்றில் கலக்கியவர்கள் எல்லாரும் இரண்டாம் சுற்றில் சரிந்தார்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பெண் வந்து, "அங்கிள், ரெண்டாவது லிஸ்ட்ல என் இடது கை மட்டும்தான் ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்றாள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

முதல் பட்டியலில் இருந்து ஐந்து சொற்கள்: மரம், பழம், கடல், நகம், வயல். இரண்டாவதில் இருந்து ஐந்து: முடிவு, குருவி, கேள்வி, சிறுமி, பொழுது. இரண்டிலும் பதினைந்து எழுத்துதான். ஆனால் விரல் எழுத்தை அடிப்பதில்லை, விசையை அடிக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் அகரம் ஏறிய மெய்க்கு ஒரே தட்டல் போதும். மற்ற உயிர்மெய்க்கு மெய் ஒன்று, உயிர் ஒன்று என இரண்டு. புள்ளிக்கும் தனி விசை உண்டு, அது f. எனவே மரம் என்பது ம, ர, ம, புள்ளி என நான்கு தட்டல். முடிவு என்பது ம, உ, ட, இ, வ, உ என ஆறு. கூட்டினால் முதல் ஐந்துக்கு 20 தட்டல், இரண்டாவது ஐந்துக்கு 30.

நிமிடத்துக்கு 180 தட்டல் அடிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியலில் நிமிடத்துக்கு 45 சொல் என்று வரும். அதே பிள்ளைக்கு இரண்டாவதில் 30 சொல். கை வேகம் துளியும் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது.

ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வுகளில் ஐந்து தட்டலை ஒரு சொல்லாகக் கணக்கிடுவது பழைய வழக்கம். தமிழுக்கும் அது பொருந்தும், தட்டலைச் சரியாக எண்ணினால். இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதில் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்ற இணைகளுக்கும் அப்படியே. ஆகவே வண்டி என்பது யூனிகோடில் ஐந்து குறியீடு, கண்ணுக்கு மூன்று எழுத்து, விரலுக்கு நான்கு தட்டல். கணினியிடம் வெறுமனே நீளம் கேட்டால் ஐந்து என்றுதான் சொல்லும். நான் பிறகு எழுதிக்கொண்ட சின்ன நிரல் இது:

```python
import re, unicodedata

def keys(w):
    w = unicodedata.normalize("NFC", w)
    auto = re.findall(r"(?=(.)்\1|ங்க|ஞ்ச|ண்ட|ந்த|ம்ப|ன்ற)", w)
    return len(w) - len(auto)
```

நடுவில் இருக்கும் `NFC` வரியை விட்டுவிடாதீர்கள். கொ என்ற எழுத்து சில கோப்புகளில் க, ொ என இரண்டு குறியீடாக இருக்கும். சிலவற்றில் ெ, ா என்று பிரிந்து மூன்றாக இருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஜூரோங் போன்ற ஊர்ப்பெயர்கள் வந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜ, ஸ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு ஷிப்ட் விசையும் வேண்டும், அதை இந்த நிரல் எண்ணாது. நான் அப்படிப்பட்ட சொற்களை ஒதுக்கிவிட்டேன்.

நீளம் சரியானாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். அந்தப் பெண் சொன்ன இடது கைக்கு வருவோம். தமிழ்99இல் உயிர்களும் புள்ளியும் இடப்பக்கம். மெய்கள், வ, ங இரண்டையும் தவிர, வலப்பக்கம். என் முதல் ஐந்து சொற்களில் வலக்கைக்கு 14 தட்டல், இடக்கைக்கு 6. இரண்டாவது ஐந்தில் வலக்கைக்கு 12, இடக்கைக்கு 18. உண்மையான தமிழ் வாக்கியம் எதையும் அடிக்கும்போது முதல் பட்டியல் மாதிரி உயிரே இல்லாமல் கை ஓடாது. ஆக, ஒவ்வொரு விசையும் பட்டியலில் எத்தனை விழுக்காடு வருகிறது என்பது, வழக்கமான எழுத்தில் அது வரும் விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

வழக்கமான எழுத்து என்றால் எது? அகராதி அல்ல. அகராதியில் வீடு இருக்கும். வீடுகளில், வீட்டுக்கு இருக்காது. தமிழில் வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அவற்றை விட்டு எண்ணினால் க, ளகரம், புள்ளி, உகரம் எல்லாம் குறைத்துக் காட்டும். அதனால் உள்ளூர்ச் செய்திகளை எடுத்து, ஒரு சொல் எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவையும் சேர்த்து, விசைவாரியாக எண்ணினேன். பெருவிரைவு ரயில், உணவங்காடி என்று இங்கே தினமும் கண்ணில் படும் சொற்கள் அதில் தானாக வந்துவிடும்.

அப்புறம் மாற்றும் வேலை. தட்டல் எண்ணிக்கைவாரியாகச் சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான்குக்கு நான்கு, ஆறுக்கு ஆறு என்று மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் நீளம் கலையாது. கணக்குக்காக, வழக்கமான எழுத்தில் 100 தட்டலுக்கு 15 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். என் முதல் ஐந்து சொற்களில் 20க்கு 5, அதாவது 25 விழுக்காடு. கடலை எடுத்துவிட்டுப் படகு, நகத்தை எடுத்துவிட்டு வண்டி. எல்லாமே நான்கு தட்டல்தான். இப்போது புள்ளி 20க்கு 3, அதே 15 விழுக்காடு. கூடவே உகரமும் இகரமும் உள்ளே வந்துவிட்டன. ஒவ்வொரு விசையிலும் எவ்வளவு விலகல் என்று கூட்டி, கூட்டுத்தொகை குறைந்தால் மாற்றத்தை வைத்துக்கொள்வது, கூடினால் பழையபடி விடுவது. கணினி இதைச் சில ஆயிரம் முறை சலிக்காமல் செய்யும்.

செய்யவிட்டால் குறும்பும் செய்யும். முதல் ஓட்டத்தில் ஞகரப் பற்றாக்குறையை ஈடுகட்ட எங்கிருந்தோ ஞிமிறு என்ற சொல்லைக் கொண்டுவந்து வைத்தது. சங்க இலக்கியத்து வண்டு, பாவம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்து ஒரு வினாடி திகைத்து நிற்கும். அந்த வினாடி விரலுடையது அல்ல, கண்ணுடையது. ஐம்பது சொல் என்றால் சுமார் 250 தட்டல். ஆயிரத்தில் இரண்டு முறை வரும் விசைக்கு அதில் அரைத் தட்டல்தான் பங்கு. அரைத் தட்டல் அடிக்க முடியாது. எனவே ஞ, ஔ போன்றவற்றை ஒரே குழுவாகச் சேர்த்து எண்ணினேன். செய்தியில் அடிக்கடி வரும் முதல் இரண்டாயிரம் சொற்களைத் தாண்டிப் போகக் கூடாது என்றும் வேலி போட்டேன்.

இவ்வளவும் தமிழ்99க்கு மட்டும்தான். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் முறையைப் பயன்படுத்தும் பிள்ளைக்குக் கணக்கு தலைகீழ். அங்கே அகரத்துக்கு ஒரு தட்டல் உண்டு, புள்ளிக்குத் தனித் தட்டல் தேவையில்லை. மரம் `maram` என்று ஐந்தாகிவிடும், குருவி `kuruvi` என்று ஆறாகவே இருக்கும். என் முதல் ஐந்து சொற்கள் அங்கே 20 அல்ல, 25. ஒரே பட்டியலைக் கொடுத்து இரு தரப்பையும் ஒப்பிட்டதும் நான் செய்த தவறுதான்.

புதிய பட்டியல்கள் இரண்டையும் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். பாதிப்பேருக்கு முதலாவது முதலில், மீதிப்பேருக்கு இரண்டாவது முதலில். இல்லாவிட்டால் கை சூடாவதும் களைப்பதும் கணக்கில் புகுந்துவிடும். யாருடைய வேகம் எது என்று பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு பட்டியலுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் எழுதினேன். சிலருக்கு இது கூடுதல், சிலருக்கு அது கூடுதல் என்று இரு பக்கமும் கலந்து வந்தது. சென்ற முறை எல்லாருக்கும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஒற்றை விசைகளின் பங்கு பொருந்திவிட்டது, அடுத்தடுத்து வரும் இணைகள் பொருந்தவில்லை. பட்டியலில் க்க நிறைய, ன்ற குறைவு. ஒரே விரல் ஒரே விசையை இரண்டு தடவை அடிப்பதும், ன, ற என்று பக்கத்துப் பக்கத்து விசைக்குத் தாவுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இணைகளையும் எண்ணுவது என்றால் பட்டியல் ஐம்பது சொல்லில் அடங்காது. அடுத்த ஏப்ரலுக்கு நூற்றைம்பது சொல்லாக்கி, சுற்றை மூன்று நிமிடமாக நீட்டச் சொல்லியிருக்கிறேன்.