நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு: கண்ணால் தட்டச்சு செய்பவரிடம் எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்குப் போய் வரும் மறுவாழ்வுச் சிகிச்சையாளர் நான். கை கால் முழுவதும் செயலிழந்து, பேச்சும் போன ஒருவர் கண்ணால் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு விலை?" இரண்டாவது கேள்வி, "சரியா எழுதுமா?" இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்விக்கு.

நான் சொல்லப்போவது ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் கதை. ஊரில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். வந்திருப்பது ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பு நோய். முதலில் கை, அப்புறம் நாக்கு, அப்புறம் கழுத்து. இந்த நோயில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

கழுத்தில் வலு இருந்தபோது தலையசைவில்தான் தொடங்கினோம். மடிக்கணினியின் கேமரா மூக்கு நுனியைப் பின்தொடரும். மூக்கு வலப்பக்கம் போனால் திரையில் அம்புக்குறி வலப்பக்கம் போகும். இதற்கு இலவச மென்பொருள்களே உண்டு. துல்லியமும் நன்றாக இருக்கும். காரணம் எளிது: அம்புக்குறி கொஞ்சம் தள்ளி நின்றால் கண் அதைப் பார்க்கிறது, தலை திருத்திக்கொள்கிறது. டீச்சர் ஒரு சென்டிமீட்டர் அகலப் பொத்தானைக்கூடத் தொட்டார். ஆனால் அது முதல் ஐந்து நிமிடம். நான் நூறு எழுத்து தட்டச் சொல்லி எண்ணினேன். தொடக்கத்தில் நூற்றுக்கு 96 சரி. இருபதாவது நிமிடத்தில் 70. கழுத்து தளர்ந்து, தலை தலையணையில் சரிந்து, அம்புக்குறி திரையின் கீழ் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால் தலையசைவுக் கருவியைச் சோதிக்கும்போது முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கழுத்துக்கு மேல் நல்ல அசைவு நிலைத்திருக்கும் முதுகுத்தண்டுக் காயக்காரர்களுக்கு இதையே முதலில் முயலச் சொல்வேன். டீச்சருக்கு மூன்று மாதம் ஓடியது.

அப்புறம் கண். மகன் கோலாலம்பூரில் ஒரு விற்பனையாளரிடம் பேசி, அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கருவியை வாங்கி வந்தார். "98 சதவிகிதம் துல்லியம்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். எதில் 98 என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கருவி கண்மணியையும், விழியின் முன்பரப்பில் மினுங்கும் ஒளிப்புள்ளியையும் படம் பிடித்து, பார்வை எந்தத் திசையில் என்று கணக்கிடுகிறது. பிழையை டிகிரியில் சொல்வார்கள். திரை 60 செ.மீ. தொலைவில் இருந்தால் ஒரு டிகிரி என்பது திரையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். விளம்பரத் தாளில் அரை டிகிரி என்று இருக்கும். அது நிமிர்ந்து உட்கார்ந்த, நல்ல கண்ணுள்ள ஆளிடம், மங்கிய வெளிச்ச அறையில் கிடைப்பது. படுக்கையில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் பிழை என்றே நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

கருவியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி கிட்டத்தட்ட அந்த அகலம்தான். அந்த நகத்துக்குள் எந்த இடத்தில் பார்வை விழுந்தாலும் நமக்கு எல்லாம் தெளிவாகவே தெரியும். அதனால் கண் ஒரு புள்ளியில் குத்திட்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை, நிற்பதும் இல்லை. இன்னொன்று, தலையசைவில் உள்ள திருத்தம் இங்கே கிடையாது. அம்புக்குறி ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் நின்றால், அதைப் பார்க்கக் கண் திரும்பும். அம்புக்குறி இன்னும் ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் ஓடும். துரத்தத் துரத்த ஓடிக்கொண்டே இருக்கும். டீச்சர் முதல் நாள் இதில்தான் சோர்ந்துபோனார். நான் செய்த முதல் வேலை அம்புக்குறியைத் திரையில் தெரியாமல் மறைத்தது. அதற்குப் பதிலாக, பார்க்கும் பொத்தானின் நடுவில் ஒரு வட்டம் சுருங்கும்படி அமைத்தேன். கண் தானாகவே நடுவுக்கு வந்துவிடும்.

அடுத்து அளந்தோம். இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். திரையில் ஒன்பது புள்ளிகள்: மேலே மூன்று, நடுவே மூன்று, கீழே மூன்று. ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லி, பார்வை விழுவதாகக் கருவி காட்டும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அடிக்கோலால் இடைவெளியை அளந்துவிடலாம். டீச்சருக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர், கீழ் வரிசையில் 2.2 சென்டிமீட்டர், எல்லாம் ஒரே பக்கமாக.

ஒரே பக்கமாகத் தள்ளி விழுந்தால் காரணம் பெரும்பாலும் கருவியை வைத்திருக்கும் விதம். புள்ளிகள் நாலாபக்கமும் சிதறினால் காரணம் கண்ணிலோ அதில் படும் வெளிச்சத்திலோ இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டீச்சர் சாய்ந்து படுத்திருக்க, திரை மேசைமேல் நேராக நின்றது. திரையின் அடியில் இருந்த கேமராவுக்குத் தாடையும் பாதிக் கண்ணும்தான் தெரிந்தன. திரையை அவர் முகத்துக்கு இணையாகச் சாய்த்து, 60 செ.மீ.க்குக் கொண்டுவந்து, கருவியை அவர் கண்ணுக்கு ஏற்ப அளவமைக்கும் கேலிப்ரேஷனை மறுபடி செய்தோம். கீழ் வரிசைப் பிழை 1.3 ஆகக் குறைந்தது, நடுவில் 0.9.

ஆனால் மாலையில் புள்ளிகள் சிதறின. மகள் சொன்னது: "காலையில நல்லா எழுதுறாங்க அக்கா, மூணு மணிக்கு மேல எதுவுமே ஏறமாட்டேங்குது." நான் மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் அடித்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால் கருவி தன் ஒளிப்புள்ளியைத் தொலைத்துவிடும். துத்தநாகக் கூரையின் சூட்டுக்காக மின்விசிறியை நேரே முகத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். இந்த நோயில் இமைப்பது குறையும். காற்றும் சேர்ந்து விழியை உலர்த்தினால் அந்த ஒளிப்புள்ளி கலங்கிப்போகும். தடித்த திரைச்சீலை போட்டு, விசிறியைக் காலடிக்குத் திருப்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த கண்ணீர்ச் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடம் காத்திருந்தோம். சிதறல் அடங்கியது. இரண்டு பவர் உள்ள மூக்குக்கண்ணாடியும் தொல்லை தரும், அதன் கோடு கண்மணியின் குறுக்கே வரும். 60 செ.மீ. தொலைவுக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி நல்லது.

இனி விசைப்பலகை. விற்றவர் போட்டுத் தந்ததில் ஒரு விசை 1.7 செ.மீ. பிழையோ 1.3. விசையின் நடுவைப் பார்த்தாலும் பக்கத்து விசை அழுந்தும். 15.6 அங்குலத் திரை ஏறத்தாழ 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம். மேலே எழுதியது தெரிய ஒரு வரி விட்டு, மிச்சத்தை எட்டுக்கு ஐந்தாகப் பிரித்தால் 40 விசை, ஒவ்வொன்றும் 4.3-க்கு 3.2 செ.மீ. தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறைக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தம் ஒன்று, புள்ளி, இடைவெளி, அழிப்பு, ஜ ஷ ஸ ஹ நான்கு. ஆக 38. மீதி இரண்டில் ஒன்று முற்றுப்புள்ளி, இன்னொன்று "ஓய்வு". இந்த ஓய்வு விசை இல்லாவிட்டால் எழுதியதைப் படிக்கும்போதே திரையில் எழுத்து விழுந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தால் விசை அழுந்தும் என்பதை அரை நொடியில் வைத்திருந்தார்கள். 0.8 நொடிக்கு உயர்த்தினோம்.

அழிப்பு விசையை மூலையிலிருந்து நடுவுக்கு மாற்றியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூலைகளில்தான் பிழை அதிகம். பிழையை அழிக்கப் போய், அழிப்பு விசையும் தவறிப் புதுப் பிழை விழுந்து, அதை அழிக்கப் போய் என்று டீச்சர் ஒரே வார்த்தையில் ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். தொடக்கத்தில் நூறு விசைக்கு 81 சரி. இந்த மாற்றங்களுக்குப் பிறகு, மூன்று வாரப் பழக்கத்தில், 94. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "தண்ணீர்" என்று எழுதிப் பாருங்கள். தமிழ்99-இல் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழும், அதனால் த, ண, ண, ஈ, ர, புள்ளி என்று ஆறு விசை. விசைக்கு 94 என்றால் ஆறும் சரியாக விழ 0.94-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். கிடைப்பது 0.69. பத்து வார்த்தையில் மூன்று வார்த்தை பிழையோடுதான் வரும். 81-இல் இருந்தபோது பத்தில் மூன்றுகூடச் சரியாக வந்திருக்காது. 98 சதவிகிதமே கிடைத்தாலும் பத்தில் ஒரு வார்த்தை இடறும். வேகத்தையும் சொல்லிவிடுகிறேன்: தேடுவது, உற்றுப் பார்ப்பது எல்லாம் சேர்த்து விசைக்கு ஒன்றரை நொடி. இடைவெளியோடு ஒரு வார்த்தைக்குப் பத்து நொடிக்கு மேல். திருத்தங்களையும் சேர்த்தால் டீச்சர் நிமிடத்துக்கு நான்கு வார்த்தை எழுதுகிறார்.

அதனால் வீட்டாரிடம் நான் கேட்டுக்கொள்வது, எல்லாப் பிழையையும் திருத்தச் சொல்லாதீர்கள் என்பதுதான். ஆசிரியையாக இருந்தவர், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மனம் பொறுக்காமல் திரும்பிப் போவார். "தணீர்" என்றாலும் மகளுக்குப் புரிகிறது, தண்ணீர் வந்துவிடுகிறது. ஒரு பிழையைத் திருத்த இன்னும் இரண்டு விசையாவது செலவாகும். அவசரத் தேவைகளை எழுதவே கூடாது. "சளி எடுக்கணும்", "திருப்பிப் படுக்க வை", "வலிக்குது" என ஆறு பெரிய பொத்தான்கள் தனிப் பக்கத்தில் இருக்கின்றன. அவ்வளவு பெரிய பொத்தானில் நூறுக்கு ஒன்றுகூடத் தவறுவது அரிது.

"கைப்பேசியிலேயே கண் கருவி வந்துவிட்டதே" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 2024-இல் வந்த ஐ.ஓ.எஸ். 18 முதல் பல ஐபோன்களில் அது உண்டு. முயன்று பார்க்கலாம். ஆனால் அகச்சிவப்பு ஒளி இல்லாமல் சாதாரண கேமராவில் கண்ணைத் தொடர்ந்தால் பிழை சில சென்டிமீட்டருக்குப் போகும். கைப்பேசித் திரையில் நாலைந்து பெரிய பொத்தானுக்கு அது போதும், நாற்பது விசைக்குப் போதாது. மூளைத்தண்டு பக்கவாதத்தில் கண் மேலும் கீழும் மட்டுமே அசையும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கருவியானாலும் எழுத்துகளை ஒரே நெடுவரிசையாக அடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் கருவியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் படுத்திருக்கும் கட்டிலில், பிற்பகல் மூன்று மணிக்கு, அரை மணி நேரம் எழுதவிட்டு, கடைசி நூறு விசையை எண்ணுங்கள். 90-க்குக் கீழே இருந்தால் விசையைப் பெரிதாக்கி மறுபடி எண்ணுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் அந்தக் கருவி அவருக்கு எழுதுவதற்கு ஆகாது, பொத்தான் பக்கத்துக்கு மட்டும் ஆகும்.

டீச்சர் வீட்டு அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை மகள் நூறு விசை எண்ணி எழுதுகிறார்: 94, 94, 95, 93, 91. கடைசி எண்ணைப் பார்த்துவிட்டுத் திரை, வெயில், விசிறி, கண்ணாடி எல்லாவற்றையும் சரிபார்த்தேன், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கண்ணும் மெல்ல மெல்லத் தாமதிக்கத் தொடங்கியிருக்கலாம். உற்றுப் பார்க்கும் நேரத்தை ஒரு நொடியாக்கினேன். கூடவே, கரண்டு போகும் நாளுக்கென்று வைத்திருந்த, அவர் பார்க்கும் எழுத்தை எதிரே இருப்பவர் படித்துச் சொல்லும் கண்ணாடித்தாள் எழுத்துப் பலகையை எடுத்து, மகளும் டீச்சரும் தினமும் கால் மணி நேரம் அதில் பேசிப் பழகச் சொன்னேன்.