காக்னிட்டிவ் டிசொனன்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

டிசொனன்ஸ் இசையிலிருந்து வந்த சொல். லத்தீனில் ‘டிஸ்’ என்றால் விலகி, ‘சொனாரே’ என்றால் ஒலித்தல். சேர்ந்து ஒலிக்கையில் காதை உறுத்தும் சுரங்களுக்கு உரிய பெயர் அது. அதன் முன்னால் அறிதலைக் குறிக்கும் ‘காக்னிட்டிவ்’ சேர்த்து, 1957இல் தன் நூலில் உளவியல் கோட்பாடாக்கினார் லியோன் ஃபெஸ்டிங்கர். நினைப்பும் செயலும் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது உள்ளே எழும் உறுத்தல்தான் அது. அதைத் தணிக்க மனம் எதையாவது மாற்றப் பார்க்கும்.

ஒரு குழுத் தலைவரைப் பாருங்கள். அவருக்குக் கீழே எட்டுப் பேர், எல்லாருமே நன்றாக வேலை செய்தவர்கள். ஆனாலும் ஒருவருக்காவது குறைந்த ரேட்டிங் போட்டாக வேண்டும் என்பது விதி. அது அநியாயம் என்று நினைப்பவர்தான் அவர். இருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, “தானாக முன்வந்து பொறுப்பேற்பதில்லை” என்று காரணம் எழுதி அனுப்பிவிடுகிறார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், “யோசிச்சுப் பார்த்தா, அவர்கிட்ட கொஞ்சம் சுணக்கம் இருக்கத்தான் செய்யுது” என்கிறார். இடையில் அந்த ஊழியர் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. அனுப்பிய ரேட்டிங்கைத் திரும்பப் பெற முடியாது. மாற்றிக்கொள்ள முடிந்தது கருத்தை மட்டும்தான்.

இரட்டை வேடம் வேறு. வேடம் போடுபவருக்கு உள்ளே நினைப்பது மாறுவதில்லை. இங்கே நினைப்பே செயலின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. புதுச் சான்று ஏதும் இல்லாமல், செயலுக்குப் பிறகு கருத்து மாறியிருந்தால், காக்னிட்டிவ் டிசொனன்ஸோ என்று சந்தேகப்படலாம்.

1959இல் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களை ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலை செய்யவைத்தார்கள். அதில் பாதி நேரம், பலகையில் இருந்த 48 முளைகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு, அடுத்து வருபவரிடம் “வேலை சுவாரசியமாக இருந்தது” என்று சொல்ல, சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். கடைசியில், வேலை உண்மையில் பிடித்திருந்ததா என்று −5 முதல் +5 வரை மதிப்பிடச் சொன்னார்கள். 20 டாலர்காரர்களின் சராசரி −0.05, ஒரு டாலர்காரர்களுடையது +1.35. 20 டாலர் வாங்கியவருக்குப் பொய் சொல்ல அந்தப் பணமே காரணம். ஒரு டாலர் அதற்குப் போதவில்லை. ஆகவே வேலை அப்படியொன்றும் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இப்படிக் கருத்து மாற, அந்தச் செயலைத் தன் விருப்பத்தோடு செய்திருப்பது அவசியம் என்று வெகுகாலம் பாடம் சொன்னார்கள். பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்து 2024இல் வெளியான மறுசோதனையில், தன் கருத்துக்கு எதிராக எழுதியவர்களின் கருத்து நகர்ந்தது. ஆனால் தன் விருப்பத்தோடு எழுதியவர், எழுதச் சொன்னதால் எழுதியவர் என்ற வேறுபாடு எதிர்பார்த்தபடி தெரியவில்லை.

தமிழுக்கு வருவோம். ‘அறிவாற்றல் முரண்பாடு’ என்றால் ஏதோ அறிவுத்திறன் கோளாறு போலத் தொனிக்கிறது. ‘மன உறுத்தல்’ குற்ற உணர்ச்சிக்குப் போய்விடும். ‘அறிகை முரண்’ துல்லியமானது, பாடநூலுக்குப் பொருந்தும். ஆனால் முரண் அப்படியே கிடக்கலாம், யாரையும் அவசரப்படுத்தாது. பழந்தமிழ் இசையில் ஒவ்வாத சுரத்தைப் ‘பகை’ என்றார்கள். மூலச்சொல்லின் ஒலி அதில் இருக்கிறது, ஆனால் பகையும் தீராமல் நீடிக்கக்கூடியதே. என் தேர்வு ‘அறிகைப் பிணக்கு’. பிணக்கு நெருக்கமானவர்களுக்குள் வருவது, எப்படியாவது தீர்த்துக்கொள்ளத் தவிப்பது. குழுத் தலைவர் ஊழியரைச் சுணக்கக்காரர் ஆக்கித் தீர்த்துக்கொண்டது அதைத்தான்.