பட்டியலை அனுப்பினால் மூலம் மாறுமா? விடை தவறுகிற அந்த ஒரு வரி

யாழ்ப்பாணத்து ரியூசன் வகுப்புகளில் உயர்தர ஐ.சி.ரி. படிக்கிற பிள்ளைகளிடம் பைதன் சார்புகளைப் பற்றிக் கேட்டால் ஒரு சூத்திரம் உடனே வரும்: "எண் என்றால் பாஸ் பை வல்யூ, மாறாது. பட்டியல் என்றால் பாஸ் பை ரெபரன்ஸ், மாறும்." இது பாதி வினாக்களுக்குச் சரியான விடையைத் தந்துவிடும். அதனாலேயே மற்றப் பாதியில் இதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தச் செய்நிரலைப் பாருங்கள்.

```python
def maatru(p, n):
    p.append(50)
    p = p + [60]
    p.append(70)
    n = n + 1

a = [10, 20]
k = 5
maatru(a, k)
print(a, k)
```

விடைத்தாள்களில் அதிகம் வருவது `[10, 20, 50, 60, 70] 5`. "சார்புக்குள் நடப்பது வெளியே தெரியாது" என்று பிடிவாதமாக நிற்பவர்கள் `[10, 20] 5` என்று எழுதுவார்கள். இரண்டும் பிழை. திரையில் வருவது `[10, 20, 50] 5`.

ஏன் 50 மட்டும் தங்கியது? வேலியோரம் நிற்கிற ஒரு ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடுதான் நினைவகத்தில் இருக்கிற பட்டியல். `a` என்பது அதில் கட்டிய கயிறு. சார்பை அழைத்தவுடன் அதே ஆட்டில் `p` என்ற இரண்டாவது கயிறும் கட்டப்படுகிறது. ஆடு ஒன்றுதான், பிரதி எடுக்கப்படவில்லை. `p.append(50)` அந்த ஆட்டுக்கே தீன் போடுகிறது. ஆகவே `a` என்ற கயிற்றைப் பிடித்துப் பார்த்தாலும் 50 தெரியும்.

அடுத்த வரிதான் பொறி. `p + [60]` பழைய பட்டியலைத் தொடுவதே இல்லை. `[10, 20, 50, 60]` என்று புதிதாக இன்னொரு பட்டியலை உண்டாக்குகிறது. `p =` என்பது `p` கயிற்றைப் பழைய ஆட்டிலிருந்து அவிழ்த்துப் புதிய ஆட்டில் கட்டுகிறது. `a` இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு வருகிற 70 புதிய ஆட்டுக்குத்தான் போகும். சார்பு முடிந்ததும் அந்தப் பட்டியலைப் பிடிக்க ஒரு கயிறும் இல்லாததால் அது நினைவகத்திலிருந்து நீங்கிவிடும். `n = n + 1` இல் நடப்பதும் இதே அவிழ்த்துக் கட்டல்தான். எண்ணுக்குத் தனி விதி கிடையாது. எண்ணை உள்ளிருந்து மாற்ற வழியில்லை என்பதால் எப்போதும் புதிய பெறுமானம் உண்டாகிறது, அவ்வளவுதான்.

ஆகவே மாறியின் வகையை மட்டும் பார்த்து விடையைத் தீர்மானிக்காதீர்கள். வரியைப் பாருங்கள். சமக்குறிக்கு இடப்பக்கம் `p` என்ற பெயர் தனியாக நின்றால் கயிறு இடம் மாறுகிறது. `p.append(...)` என்றோ `p[0] = 99` என்றோ வந்தால் ஆடுதான் மாறுகிறது. `p[0] = 99` இலும் சமக்குறி இருப்பதால் பலர் இங்கே இடறுவார்கள். அங்கே இடப்பக்கம் நிற்பது பெயர் அல்ல, பட்டியலுக்குள் இருக்கும் ஓர் இடம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, வினாத் தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது. மேலுள்ள `p = p + [60]` என்ற வரியை `p += [60]` என்று மாற்றினால் வருவிளைவு `[10, 20, 50, 60, 70] 5` ஆகிவிடும். பட்டியலுக்கு `+=` அந்தப் பட்டியலையே நீட்டுகிறது, புதிதாக ஒன்றை உண்டாக்குவதில்லை. எண்ணிலும் சரத்திலும் அப்படி நீட்ட முடியாததால் `n += 1` என்று எழுதினாலும் `k` 5 தான்.

தாளில் சுவடு பார்க்கும்போது மாறிக்கொரு நிரல் போட்டு அட்டவணை வரைவதுதான் பழக்கம். இந்த வகை வினாவில் அதுவே குழப்பும், ஏனென்றால் `a`, `p` இரண்டுக்கும் ஒரே பட்டியலா வேறு பட்டியலா என்று அட்டவணை காட்டாது. பட்டியலுக்கு ஒரு பெட்டி வரைந்து, பெயர்களை வெளியே எழுதி அம்புக்குறி போடுங்கள். கணினி முன்னால் இருந்தால் சார்புக்குள் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் `print(id(p))` போட்டுப் பாருங்கள். எண் மாறுகிற வரிதான் கயிறு அவிழ்ந்த வரி.

கம்பஸில் சி++ தொடங்கும்போது இதே பழக்கம் எதிர்ப்பக்கமாக இடறும்.

```cpp
void f(int &x, int y) {
    x = x + y;
    y = x;
}
```

`a = 3`, `b = 4` என்று வைத்து `f(a, b)` அழைத்தால் `a` 7 ஆகும், `b` 4 ஆகவே நிற்கும். இங்கே `x` இரண்டாவது கயிறு அல்ல, `a` என்ற கயிற்றுக்கே இன்னொரு பெயர். அதனால் `x =` என்று எழுதினால் மூலமே மாறுகிறது. பைதனில் இதற்கு ஈடான வசதி இல்லை. `return p` என்று புதிய பட்டியலைத் திருப்பி அனுப்பினாலும், அழைக்கிற இடத்தில் `a = maatru(a, k)` என்று எழுதி வாங்கினால்தான் `a` மாறும். வெறுமனே `maatru(a, k)` என்று அழைத்திருந்தால் `return` இருந்தும் வருவிளைவு அதே `[10, 20, 50] 5`.