உணரி: தூண்டுவது, தேக்குவது, ஒளியால் அறிவது

தமிழில் ‘சென்சார்’ என்று எழுதினால் அது திரைப்படத்தை வெட்டும் வாரியமா, கன்வேயரில் பாட்டிலை எண்ணும் கருவியா என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் லத்தீனத்திலிருந்து வந்தவைதான். ஆனால் வேர் வேறு. வாரியத்தின் பெயர் ‘மதிப்பிடு’ என்னும் பொருளுள்ள சென்சேரே என்ற வினையிலிருந்தும், கருவியின் பெயர் ‘உணர்’ என்னும் பொருளுள்ள சென்டீரே என்ற வினையிலிருந்தும் பிறந்தவை. தமிழ் எழுத்துக்குள் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முன்னதற்குத் ‘தணிக்கை’ என்ற சொல் நிலைத்துவிட்டது. பின்னதற்கு ‘உணரி’ இருக்கிறது. உணர் என்ற வினையோடு இகரம் சேர்ந்து, அந்தச் செயலைச் செய்யும் பொருளைக் குறிக்கிறது. மின்மாற்றியும் மின்தேக்கியும் அமைந்த அதே வழிதான். ‘உணர்கருவி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் தவறில்லை. ஆனால் முன்னால் இன்னொரு அடைமொழி சேரும்போது ‘உணரி’யின் சுருக்கம் கைகொடுக்கிறது.

சேர வேண்டிய அடைமொழிகள்தான் இங்கே முக்கியம். தொழிற்கூடத்தில் இண்டக்டிவ், கெபாசிடிவ், போட்டோ எலெக்ட்ரிக் என்று மூன்று வகை புழங்குகின்றன. மூன்றையும் ‘சென்சார்’ என்ற ஒரே சொல்லால் கேட்டு வாங்கி, பொருந்தாத இடத்தில் பொருத்திவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று கழற்றி எறிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால், எது எந்தப் பொருளுக்கு என்பது பெயரிலேயே இருக்கும். ஒரு மருந்து பாட்டில் லைனை வைத்துச் சொல்கிறேன். தெளிந்த பெட் பாட்டில், உள்ளே சர்க்கரைக் கரைசலில் கலந்த மருந்து, மேலே உலோக மூடி. ஒரே பாட்டிலில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: மூடி இருக்கிறதா, மருந்து நிரம்பியிருக்கிறதா, முதலில் பாட்டில் வந்துவிட்டதா?

மூடிக்கு உரியது தூண்டல் உணரி. இண்டக்‌ஷன் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘உள்ளே இட்டுச்செல்’ என்று பொருள். தமிழ் அதை அப்படியே பெயர்க்காமல் ‘தூண்டு’ என்ற வினையை எடுத்துக்கொண்டது. தூண்டுதல் என்பது முதலில் விளக்குத் திரியைக் கிளறி ஏற்றிவிடுவது. அதற்கான குச்சி தூண்டுகோல். சுடரைத் தொடாமலே சுடரை எழுப்பும் செயல் அது. 1831இல் ஃபாரடே கண்டதும் அப்படிப்பட்டதுதான்: மாறும் காந்தப்புலம், தொடாமலே அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. (தருக்கவியலில் வரும் இண்டக்‌ஷனுக்குத் தமிழில் ‘தொகுத்தறிதல்’ என்று தனிச்சொல் உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது.)

இந்த உணரியின் முகப்புக்குப் பின்னால் ஒரு கம்பிச்சுருளும் அதை அதிரவைக்கும் அலையாக்கிச் சுற்றும் இருக்கின்றன. உலோகம் அருகில் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படும். அவை ஆற்றலைத் தின்பதால் அலை தணியும். அந்தத் தணிவைக் கண்டு உணரி நிலைமாறும். அதாவது தூண்டப்பட வேண்டியது எதிரே இருக்கும் பொருள். பெட்டிலோ கண்ணாடியிலோ மரத்திலோ தூண்டுவதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் தூசும் எண்ணெயும் படிந்தாலும் இந்த வகை ஏமாறுவதில்லை. 1958இல் ஜெர்மனியின் மான்ஹைமில் பெப்பர்ல், ஃபுக்ஸ் என்ற இருவர் இதை உருவாக்கியபோது நோக்கமே, தேய்ந்துபோகும் தொடுமுனை சுவிட்சுகளுக்கு மாற்றாகத் தொடாமல் இயங்கும் ஒன்றைக் கொடுப்பதுதான்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உணரியின் மேல் எழுதியிருக்கும் தூரம் மென்எஃகுக்கு மட்டும் உரியது. அலுமினியம், செம்பு போன்றவை இன்னும் நன்றாக மின்சாரத்தைக் கடத்துபவை. ஆகவே இன்னும் தொலைவிலேயே அகப்படும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. சுழல் மின்னோட்டம் அவற்றில் தடையின்றி ஓடுவதால் இழப்பு குறைகிறது. அலை தணியவும் தயங்குகிறது. அலுமினியத்துக்கு ஏறத்தாழ 0.4 மடங்குதான் கணக்கு.

நான் பார்த்த ஒரு கூடத்தில் தகர மூடியிலிருந்து அலுமினிய மூடிக்கு மாறினார்கள். மறுநாள் காலை லைன் அடிக்கடி நின்றது. மூடி போட்ட பாட்டில்களையே ‘மூடி இல்லை’ என்று தள்ளிவிட்டது. உணரி 18 மி.மீ. விட்டமுள்ளது, எழுதியிருந்த தூரம் 5 மி.மீ., மூடிக்கு மேலே 3 மி.மீ. இடைவெளியில் பொருத்தியிருந்தார்கள். வெப்பநிலை, மின்னழுத்த மாற்றங்களுக்கெல்லாம் இடம் விட்டு, எழுதியதில் 81 விழுக்காட்டைத்தான் உறுதியான தூரமாகக் கொள்ள வேண்டும். தகரத்துக்கு அது 4 மி.மீ.; 3 மி.மீ.யில் கவலையில்லை. அலுமினியத்துக்கு 5ஐ 0.4ஆல் பெருக்கினால் 2 மி.மீ., அதில் உறுதியானது 1.6 மி.மீ. மட்டுமே. உணரியில் எந்தக் கோளாறும் இல்லை. பாட்டில் சற்று உயரமாக நின்றபோது மட்டும் மூடி தென்பட்டது, மற்ற நேரம் தப்பியது. உணரியை ஒன்றரை மி.மீ. வரை இறக்கலாம் என்றார் மேற்பார்வையாளர். சரியாக அமராத ஒரு மூடி வந்தால் முகப்பை இடித்துவிடும் என்பதால் அதைச் செய்யவில்லை. எல்லா உலோகத்தையும் ஒரே தூரத்தில் அறியும்படி செய்த தூண்டல் உணரிகள் விற்பனையில் உண்டு. விலை கூடுதல்தான். அதை வாங்கிப் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது.

மருந்து நிரம்பியிருக்கிறதா என்பதற்குத் தூண்டல் உதவாது. அங்கே வேண்டியது தேக்கத்தை அளக்கும் உணரி. கெபாசிட்டி என்ற சொல்லின் வேர், ‘கொள், ஏந்து’ என்று பொருள்படும் லத்தீன் வினை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்தேக்கி, மின்தேக்குத்திறன் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் வேருக்கு இன்னும் நெருங்கி, கொள்ளளவி, கொள்ளளவம் என்கின்றன. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் நீர்த்தேக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் ‘தேக்கி’ என்றதும் படம் கண்முன் வந்துவிடுகிறது. ஆகவே ‘மின்தேக்கு உணரி’ என்றே எழுதுகிறேன்.

இதன் முகப்பு, மின்தேக்கியின் ஒரு தகடு. எதிரே வரும் பொருளும் சுற்றிலுமுள்ள தரைமுனையும் மற்றொரு தகட்டின் இடத்தைப் பிடிக்கின்றன. நடுவில் எந்தப் பொருள் நுழைகிறது என்பதைப் பொறுத்துத் தேங்கும் மின்னேற்றம் கூடும், குறையும். மின்னேற்றத்தைத் தேக்க உதவும் திறனில் காற்றை 1 என்று வைத்தால் பெட் ஏறத்தாழ 3, தண்ணீர் ஏறத்தாழ 80. இந்தப் பெரிய இடைவெளியால்தான் பாட்டில் சுவருக்கு வெளியே இருந்துகொண்டே உள்ளிருக்கும் நீரை அறிய முடிகிறது. சமையல் எண்ணெய்க்கு இந்த எண் 3ஐ ஒட்டியே இருப்பதால், பெட் பாட்டிலுக்குள் இருக்கும் எண்ணெயை இதே முறையில் பிடிப்பது கடினம். சுவருக்கும் சரக்குக்கும் வேறுபாடு தெரியாது. உலோக டப்பாவாக இருந்தால் உணரி சுவரையே பார்த்து நின்றுவிடும்.

பொருத்தியபின் நுண்ணிய திருகால் உணர்திறனைச் சரிசெய்ய வேண்டும். முதலில் நிரப்பிய பாட்டிலை நிறுத்தி, திருகைத் திருப்பி, உணரியின் விளக்கு எரியத் தொடங்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெற்றுப் பாட்டிலை அதே இடத்தில் வைத்து, அதற்கும் விளக்கு எரியும்வரை திருகை மேலும் திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதிச் சுற்றைத் திருப்பி எடுத்துவிட்டால் போதும். சுற்றுகள் மிகக் குறைவாக வந்தால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு போதவில்லை என்று பொருள். முகப்பைச் சுவருக்கு நெருக்க வேண்டும். மருந்து வழிந்து பாட்டிலின் வெளிச்சுவரிலோ முகப்பிலோ பிசுபிசுப்பாகப் படிந்தால் வெற்றுப் பாட்டிலும் நிரம்பியதாகத் தெரியும். துடைத்ததும் விளக்கு அணைந்தால் குற்றவாளி அந்தப் படலம்தான். நுரை இதற்கு எதிர்ப்பக்கம் ஏமாற்றும்: கண்ணுக்கு நிரம்பியதாகத் தெரியும், உணரிக்கு அது பெரும்பாலும் காற்று.

பாட்டில் வந்துவிட்டதா என்பதுதான் மூன்றிலும் கடினமான கேள்வி. தெளிந்த பிளாஸ்டிக்கில் தூண்ட ஒன்றுமில்லை, தேங்குவதும் சொற்பம். மிஞ்சுவது ஒளிமின் உணரி. இந்தப் பெயர் சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்பு. 1887இல் ஹெர்ட்ஸ் கண்டு, 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கிய ஒளிமின் விளைவின் வழியாக வந்தது. இன்றைய உணரியில் ஓர் எல்.இ.டி. ஒளியை அனுப்புகிறது, ஒளிக்கு மின்சாரத்தால் பதில் சொல்லும் குறைகடத்தி ஒன்று அதைப் பெறுகிறது.

ஒளி தடைபட்டால்தானே அறியும்? தெளிந்த பாட்டிலோ பெரும்பகுதி ஒளியை விட்டுவிடுகிறது. சாதாரண ஒளிமின் உணரி ஒளி பாதியாகக் குறைவதை எதிர்பார்த்து நிற்கும்போது, பாட்டில் அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே குறைக்கிறது. அதுவும் ஒரே சீராக இல்லை. பாட்டிலின் இரு விளிம்புகளிலும் ஒளி வளைந்து சிதறுவதால் இருட்டு, நடுவில் வெளிச்சம். ஆகவே ஒரு பாட்டிலை உணரி இரண்டாக எண்ணும். கணக்கு ஏறத்தாழ இருமடங்காக வந்தால் வேறெதையும் சந்தேகிக்க வேண்டாம். நேரத் தாமதம் வைத்து இதை மூடிமறைப்பவர்கள் உண்டு. லைன் மெதுவாக ஓடும் நாளில் இரு விளிம்புகளுக்கும் இடையிலான நேரம் நீண்டு, இரட்டை எண்ணிக்கை திரும்பிவிடும்.

இதற்கென்றே தெளிபொருள் உணரி என்று ஒரு வகை இருக்கிறது. அது எதிரே ஒரு பிரதிபலிப்பானை வைத்து, அனுப்பிய ஒளியைத் திரும்பப் பெறுகிறது. போகும்போதும் வரும்போதும் பாட்டிலைக் கடப்பதால் ஒளி நான்கு சுவர்களைத் தாண்டுகிறது, இழப்பு கூடுகிறது. சிறு குறைவிலேயே நிலைமாறும்படி அதன் வரம்பு நெருக்கமாக அமைந்திருக்கும். பாட்டிலே இல்லாத வெற்றுப் பாதையைக் காட்டி அதற்குக் கற்பிக்க வேண்டும்.

அந்த நெருக்கமே அதன் பலவீனமும் ஆகிறது. பிரதிபலிப்பானில் சற்றுத் தூசு படிந்தாலே ஒளி குறைந்து, கருவிக்கு அது பாட்டிலாகத் தோன்றும். காலையில் கன்வேயர் காலியாக இருக்கும்போது, பொருள் இருப்பதாக உணரியின் விளக்கு சொன்னால் முதலில் ஒரு மென்துணியை எடுத்துப் பிரதிபலிப்பானையும் முகப்பையும் துடையுங்கள். துடைத்தும் மாறாவிட்டால் தாங்கி அசைந்து ஒளிக்கற்றை விலகியிருக்கும். நேராக்கிவிட்டு, வெற்றுப் பாதையை மறுபடி கற்பித்த பிறகே முதல் பாட்டிலை விடுங்கள்.