அப்பாயிக்கு ஆஸ்பத்திரித் தாளைத் தமிழில் சொல்லும்போது

ஆஸ்பத்திரிகள் நோயாளிகளிடம் கொடுக்கும் ஆங்கிலத் தாள்களைத் தமிழாக்குவதுதான் என் தொழில். அதனால் தெரிந்தவர்கள் வீட்டுத் தாள்களும் என்னிடம் வந்துவிடும். போன வருஷம் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் அப்பாயிக்கு அனுப்பிய மொழிபெயர்ப்பை எனக்குக் காட்டினார். அப்பாயிக்கு 74 வயது, முசிறிப் பக்கம் அத்தை வீட்டில் இருக்கிறார். எண்டோஸ்கோப்பிக்கு முந்தின நாள் கொடுத்த தாளை அத்தை போனில் படம் எடுத்து அனுப்ப, தம்பி இப்படி எழுதி அனுப்பியிருக்கிறார்:

“அப்பாயி, நீங்க நைட்டு 12 மணிக்கு மேல எதும் சாப்ட வேணாம். காலைல பிரஷர் மாத்திர போட்டுக்கலாம். சுகர் மாத்திர போட வேணாம். கூட ஒரு பெரியவர் வரணும். நகைக்கு நாம பொறுப்பு இல்ல.”

பாசத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அப்பாயி திங்கட்கிழமை காலை சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். போனதும் தலை சுற்றியது. பார்த்தால் சர்க்கரை 68. குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். எண்டோஸ்கோப்பி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

“போட வேணாம்னு எழுதியிருந்தேனே” என்று தம்பி கேட்டதற்கு அப்பாயி சொன்ன பதில்: “வேணாம்னுதானேடா சொன்ன, கூடாதுன்னா சொன்ன? தெனமும் போடுற மாத்திர, ஒரு நாள் விட்டா என்ன ஆகுமோன்னு போட்டுக்கிட்டேன்.”

அப்பாயி சொன்னதில் தப்பில்லை. பேச்சில் ‘வேண்டாம்’ என்பதற்கு இரண்டு வேலை உண்டு. ‘நெருப்புகிட்ட போக வேணாம்’ என்றால் தடை. ‘எனக்கு இன்னொரு தோசை வேணாம்’, ‘நீங்க சிரமப்பட்டு வர வேணாம்’ என்றால் தேவையில்லை என்றுதான் பொருள். எந்தப் பொருள் என்பதைச் சொல்பவரின் குரலும் முகமும் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அந்தக் குரல் இல்லை. பெரியவர்களிடம் ‘கூடாது’ என்று சொல்லக் கூசி, மரியாதைக்காக ‘வேணாம்’ என்று மென்மையாக்குகிறோம். அந்த இடத்தில் ஆஸ்பத்திரியின் தடை, பேரனின் யோசனையாக மாறிவிடுகிறது. நான் பார்த்த வீட்டு மொழிபெயர்ப்புகளில் அதிகமாக வரும் பிழை இதுதான்.

தடை என்றால் ‘கூடாது’. தேவையில்லை என்றால் ‘தேவையில்லை’. இந்த இரண்டு இடத்திலும் ‘வேண்டாம்’ என்ற சொல்லை நான் தொடுவதே இல்லை. மரியாதையைக் கூப்பிடும் முறையில் காட்டலாம், பேச்சென்றால் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்த்துக் காட்டலாம். “போடக்கூடாதுங்க அப்பாயி” என்பதில் மரியாதையும் இருக்கிறது, தடையும் அப்படியே இருக்கிறது.

‘போட்டுக்கலாம்’ என்பதும் இதே வகைதான். அந்தத் தாளில் ஆங்கிலத்தில் ‘may’ என்று இருந்தது. நம்முடைய ‘லாம்’ அனுமதிக்கும் வரும், யோசனைக்கும் வரும், ‘மழை வரலாம்’ என்பது போல நிச்சயமில்லாததற்கும் வரும். பிரஷர் மாத்திரை கட்டாயமா, இஷ்டமா என்று தாளை வைத்துச் சொல்ல முடியவில்லை. இப்படி வந்தால் ஊகிக்கக் கூடாது. தாளில் இருக்கும் எண்ணுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். கேட்டோம். கட்டாயம் போட வேண்டும் என்றார்கள். (எந்த மாத்திரையைப் போடுவது, எதை நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த அப்பாயியின் தாளில் இருந்ததை உங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.)

இப்போது ‘நீங்க’வுக்கு வருகிறேன். தம்பி பிறந்ததிலிருந்து அப்பாயியை ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறார். அம்மாவையும் பாட்டியையும் ‘நீ’ என்றும், அப்பாவை ‘நீங்க’ என்றும் கூப்பிடும் வீடுகள் நம்மில் ஏராளம். அங்கே ‘நீ’ மரியாதைக் குறைவு இல்லை, ஒட்டுதல். மொழிபெயர்ப்பு என்றதும் தம்பிக்கு ‘நீங்க’ வந்துவிட்டது. அதைப் படித்த அன்று ராத்திரி அப்பாயி அத்தையிடம் கேட்டாராம்: “இவன் எதுக்குத் திடீர்னு நீங்க, வாங்கங்கிறான்? எனக்குப் பெரிய வியாதி ஏதாச்சும் இருக்கா, மறைக்கிறீங்களா?” இரண்டு எழுத்து கூடியதற்கு அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அதற்காக எழுத்தில் ‘நீ’ போடச் சொல்லவும் மாட்டேன். அந்தச் செய்தியை அத்தை படிப்பார், பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டுவார், ஆஸ்பத்திரியில் நர்ஸிடமும் நீட்டுவார்கள். நல்லவேளையாகத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ‘கூடாது’, ‘வேண்டும்’ இரண்டும் ஆளைக் காட்டாத சொற்கள். ‘தண்ணீர் குடிக்கக் கூடாது’ என்று எழுதினால் நீ, நீங்கள், தாங்கள் எதுவுமே தேவைப்படாது. தலைப்பில் ஒரு முறை ‘அப்பாயி’ என்று கூப்பிட்டுவிட்டால் போதும்.

‘தாங்கள்’ போட்டால் இன்னும் மரியாதையாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அது சரி. மருந்துத் தாளில் அது சிக்கல், ஏனென்றால் ‘அவர்கள் தாங்களே’ என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘உடன் வருபவர்கள் தங்கள் மருந்துச் சீட்டைக் கொண்டு வர வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். யாருடைய சீட்டு? நோயாளியுடையதா, உடன் வருபவருடையதா?

அறிவிப்புப் பலகைகளில் இருக்கும் ‘வரவும்’, ‘காட்டவும்’ என்ற வடிவத்திலும் ‘நீங்கள்’ வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேச்சில் ‘அவன் வரவும் நான் கிளம்பினேன்’ என்போம், வந்த உடனே என்ற பொருளில். ‘டாக்டர் வரவும் சீட்டைக் காட்டவும்’ என்று எழுதினால் டாக்டருக்குக் கட்டளையா, அவர் வந்த பிறகு காட்ட வேண்டுமா என்று குழப்பம் வரும். ஒரு வாக்கியத்தில் ஒரு ‘வும்’ மட்டும் வரட்டும். சந்தேகம் இருந்தால் ‘காட்ட வேண்டும்’ என்றே எழுதிவிடுங்கள்.

பேச்சில் ‘டாக்டரம்மா வருவாங்க’ என்றால் மரியாதைக்குரிய ஒருவர். அதையே எழுத்துத் தமிழாக்குகிறேன் என்று ‘வருவார்கள்’ என்று மாற்றினால் பல பேர் வருவதாகத் தோன்றும். ஒருவருக்குப் பன்மை போட்டு உயர்த்திச் சொல்வது தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கும் பழைய பேச்சு வழக்கு. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். தாளில் ஒருவர் என்றால் ‘வருவார்’ போதும், அதிலேயே மரியாதை இருக்கிறது.

‘நகைக்கு நாம பொறுப்பு இல்ல’ என்ற வரியில் ‘நாம’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே பேசுவது ஆஸ்பத்திரி. நியாயமாக ‘நாங்கள்’ என்று வர வேண்டும். அதுவும் பேரன் கையால் எழுதினால் குழப்பும். ‘ஆஸ்பத்திரி பொறுப்பேற்காது’ என்று பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. ‘கூட ஒரு பெரியவர்’ என்று எழுதியதில் இன்னொன்று நடந்தது. தாளில் இருந்தது பதினெட்டு வயது தாண்டியவர் என்ற பொருளில். அப்பாயி அதைப் படித்துவிட்டுத் தெருக்கோடியில் இருக்கும் எழுபது வயதுத் தாத்தாவைத் துணைக்குக் கூட்டிப் போனார்.

அடுத்த வாரத்துக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்து திரும்ப எழுதினோம். முதலில் தாளை முன்னும் பின்னும் வெளிச்சத்தில் வைத்துத் திரும்பப் படம் எடுக்கச் சொன்னேன். பழைய படத்தில் மடிப்பு விழுந்த இடத்தில் பேனாவால் எழுதிய நேரம் பாதி மறைந்திருந்தது. அப்புறம் பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற கேள்வி. அப்பாயி அஞ்சாவதுதான் படித்தவர், அதனால் பேசுவது போல எழுதினால்தான் புரியும் என்று தம்பி நினைத்திருக்கிறார். ஆனால் அவர் தினமும் தினத்தந்தி படிப்பவர். அவர் கண்ணுக்குப் பழகியது ‘சாப்பிடக் கூடாது’ என்ற வடிவம்தான். ‘சாப்ட’, ‘சாப்புட’, ‘சாப்பட’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதும் பேச்சுத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு எழுத்துத் தமிழ், காதுக்குப் பேச்சுத் தமிழ் என்று பிரித்துக்கொண்டோம். எழுதியது இது:

“அப்பாயி, திங்கட்கிழமை காலை 9 மணிக்கு எண்டோஸ்கோப்பி. ஆஸ்பத்திரித் தாளில் இருப்பது:

ஞாயிறு இரவு 12 மணியிலிருந்து, திங்கள் காலை சோதனை முடியும் வரை எதுவும் சாப்பிடக் கூடாது. காபி, பால், தண்ணீர், வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது.

திங்கள் காலை 6 மணிக்குப் பிரஷர் மாத்திரை மட்டும் போட வேண்டும். அதை விழுங்க மட்டும் ஒரு வாய் தண்ணீர் போதும்.

அன்று காலை சர்க்கரை மாத்திரை போடக் கூடாது.

18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் துணைக்கு வர வேண்டும். அத்தை வருவார்.

நகை போட்டு வந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பேற்காது.”

‘ஆஸ்பத்திரித் தாளில் இருப்பது’ என்ற வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். அதற்குக் கீழே இருக்கும் ‘கூடாது’ எல்லாம் டாக்டர் வாய் வார்த்தை, பேரன் அதட்டுவது இல்லை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். வெற்றிலை பாக்கு ஆங்கிலத்தில் இல்லை. நம்மூர்ப் பெரியவர்களுக்குச் ‘சாப்பாடு’ என்றால் சோறு, மற்றதெல்லாம் கணக்கில் வராது. அதனால் ‘எதுவும்’ என்பதை விரித்து எழுதினோம். ‘விரதம்’ என்ற சொல்லையும் வேண்டுமென்றே விட்டோம். விரதத்தன்று பாலும் பழமும் உண்டே.

அதே விஷயத்தைத் தம்பி வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பினார். அதில் முழுக்க வீட்டுப் பேச்சு, வழக்கமான ‘நீ’: “அப்பாயி, சக்கர மாத்திரைய அன்னைக்குக் காலைல போடவே கூடாது, டாக்டர் சொல்லியிருக்காரு. பிரஷர் மாத்திர மட்டும் ஆறு மணிக்குப் போட்டுக்க.” எழுத்தில் ‘கூடாது’ என்று வந்த இடத்தில் குரலிலும் ‘கூடாது’ என்றே வந்தது. மற்ற சொற்கள் எப்படி மாறினாலும் அந்த ஒரு சொல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் தம்பி போன் செய்தார். “புரிஞ்சுதா?” என்று கேட்கக் கூடாது, கேட்டால் “ம், ம்” என்றுதான் பதில் வரும் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். “காலைல எந்த மாத்திர போடுவ அப்பாயி?” என்று கேட்டார். “பிரஷர் மாத்திர மட்டுந்தான். சக்கர மாத்திர டப்பாவ உங்க அத்தகிட்ட குடுத்து பீரோல வெச்சுப் பூட்டச் சொல்லிட்டேன்” என்றார் அப்பாயி.