மிச்சத்தை அழிக்காதீர்கள்: முறைவரிசையில் காணாமல் போகும் வேகம்

டர்ன் முறைப் போர் விளையாட்டுகளின் கணக்கைச் சரிபார்த்துத் தருவது கிருஷ்ணகிரியில் என் தொழில். ஒரே பிழை இந்த ஆண்டில் நான்காவது முறையாக என் மேசைக்கு வந்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவர் தருமபுரி இளைஞர். அவருடைய நால்வர் அணியில் வில்லாளியின் வேகம் 36. காலணி அணிந்தால் 48. "காலணி போட்டும் அவளுக்கு ஒரு முறைகூடக் கூடுதலாக வரவில்லை சார், ரேண்டம் எண்ணில்தான் ஏதோ கோளாறு" என்றார்.

ரேண்டம் எண்ணின் மீது பழி போடுவதை முதலில் நிறுத்துங்கள். இவ்வகை விளையாட்டில் ஒவ்வொரு டிக்கிலும், அதாவது ஆட்டக் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும், ஒவ்வொருவரின் வேகமும் அவரவர் மானியில் சேர்கிறது. மானி 100-ஐத் தொட்டவருக்கு முறை வருகிறது. போர் தொடங்கும்போது மானியில் போடும் ரேண்டம் எண் முறைகள் தொடங்கும் நேரத்தை மட்டுமே முன்பின்னாக்கும். அதன் பிறகு நடப்பது வெறும் கூட்டல். ஒரே தொடக்கத்தோடு பத்து முறை ஓட்டினாலும் அதே வரிசை வந்தால், குற்றம் பகடையில் இல்லை.

குற்றம் முறை முடிந்ததும் ஓடும் ஒரு வரியில் இருந்தது:

```
gauge = 0
```

வேகம் 36 என்றால் மூன்றாவது டிக்கில் மானி 108. வேகம் 48 என்றாலும் இரண்டாவது டிக்கில் 96-தான் என்பதால் மூன்றாவது டிக் வரை காத்திருந்து 144 ஆகிறது. பிறகு இரண்டையும் பூஜ்யமாக்கினால், முன்னதில் 8-உம் பின்னதில் 44-உம் வீணாகின்றன. 34 முதல் 49 வரை யாராக இருந்தாலும் மூன்று டிக்குக்கு ஒரு முறைதான். 50-ஐத் தொட்டவுடன் திடீரென இரண்டு டிக்குக்கு ஒன்று. காலணிக்குக் காசு கொடுத்த ஆட்டக்காரர் ஏமாந்துபோகிறார்.

திருத்தம் இவ்வளவே:

```
gauge -= 100
```

100 டிக்குகளை ஓட்டி, ஒவ்வொருவருக்கும் வந்த முறைகளை எண்ணிப் பாருங்கள். பழைய வரியில் 36-க்கும் 48-க்கும் தலா 33. புதிய வரியில் 36-உம் 48-உம், அதாவது வேகம் எவ்வளவோ அவ்வளவு முறைகள். 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸும் கழித்தல் முறையைத்தான் பின்பற்றியது: நகர்ந்து தாக்கினால் 100, இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80, சும்மா இருந்தால் 60.

மானியின் எல்லையை 100-இலிருந்து 1000 ஆக்கி ஒட்டுப்போடாதீர்கள். பூஜ்யமாக்கும் வரி இருக்கும்வரை 48-உம் 49-உம் அப்போதும் 21 டிக்கில்தான் முறை பெறும். பிழை சிறிதாகி, கண்டுபிடிப்பதுதான் கடினமாகும்.

திருத்திய பின் எதிரிகளின் வேகத்தையும் மறுபடி பாருங்கள். 24 வேகமுள்ள மருத்துவர் ஒரு முறை குணப்படுத்துவதற்குள், இதுவரை 100 டிக்கில் 33 முறைக்குள் அடங்கியிருந்த 48 வேக ஓநாய் இனி இரண்டு முறை கடிக்கும். ஒரே டிக்கில் இருவர் எல்லையைக் கடந்தால் மானி அதிகமுள்ளவர் முதலில் வரட்டும். அதுவும் சமமானால் அணி வரிசையைப் பின்பற்றுங்கள். அங்கே பகடை உருட்டினால், திரையோரம் நீங்கள் காட்டும் முறைவரிசைப் பட்டை பொய்யாகிவிடும்.